சிறுகுடலில் எவ்வளவு போச்சு என்பதைவிட எங்கே போச்சு என்பது முக்கியம்

ரெண்டு நோயாளிகளை வைத்து ஆரம்பிக்கலாம். நிஜ ஆட்கள் இல்லை, கணக்குக்காக நான் உருவாக்கியவர்கள். இருவருக்கும் சிறுகுடல் போய் பெருங்குடலில் சேரும் இடத்தில் சுருக்கம் விழுந்து அடைப்பு. நம்ம ஊரில் இதற்குக் குடல் காசநோய் ஒரு முக்கியக் காரணம். கிரோன் நோயும் அதே இடத்தைத்தான் அதிகம் தாக்கும். இருவருக்கும் அறுவைசிகிச்சை நடக்கிறது. முதலாமவருக்கு சிறுகுடலின் கடைசி 50 சென்டிமீட்டரை வெட்டி எடுக்கிறார்கள். ரெண்டாமவருக்கு 150 சென்டிமீட்டர். பெருங்குடலின் பெரும்பகுதி இருவருக்கும் அப்படியே இருக்கிறது.

சில மாதங்கள் கழித்து இருவருக்கும் தீராத வயிற்றுப்போக்கு. டாக்டர் இருவருக்கும் கொலெஸ்டிரமின் என்ற பொடியைக் கொடுக்கிறார். முதலாமவருக்கு சில நாட்களிலேயே பேதி நின்றுவிடுகிறது. ரெண்டாமவருக்கு நிற்கவில்லை, போதாக்குறைக்கு மலத்தில் எண்ணெய் அதிகமாகிறது, எடையும் குறைகிறது.

ஒரே இடம், ஒரே அறுவை, ஒரே மருந்து. அப்புறம் ஏன் நேர் எதிரான விளைவு? இதைப் புரிந்துகொள்ள சிறுகுடலை மேலிருந்து கீழே ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வரணும்.

மேல் முனை: இரும்பும் கால்சியமும்

இரைப்பையைத் தாண்டியதும் வரும் முதல் 25 சென்டிமீட்டர் டியோடினம். பன்னிரண்டு விரல் அகலம் என்ற பொருளில் வைத்த லத்தீன் பெயர். சிறுகுடல் மொத்தம் ஏறக்குறைய 6 மீட்டர் என்று பார்த்தால் இது ரொம்பச் சின்னத் துண்டு. ஆனால் உணவிலிருந்து வரும் இரும்பில் பெரும்பகுதி உடம்புக்குள் நுழையும் வாசல் இதுவும், இதை ஒட்டிய ஜெஜுனத்தின் தொடக்கமும்தான்.

ஏன் இங்கே மட்டும்? தானியம், பருப்பு, கீரையில் உள்ள இரும்பு பெரும்பாலும் மூன்று மின்னேற்றம் கொண்ட வடிவத்தில் இருக்கும். அமிலம் இருக்கும்வரைதான் அது நீரில் கரைந்து நிற்கும். குடல் செல்லின் மேற்பரப்பில் உள்ள நொதி அதை இரண்டு மின்னேற்ற வடிவமாக மாற்றியதும், பக்கத்திலேயே இருக்கும் ஒரு கடத்திப் புரதம் உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்தக் கடத்தி ஓடுவதற்கும் அமிலத்தின் ஹைட்ரஜன் அயனி வேண்டும். இரைப்பை அமிலம் இன்னும் மிச்சமிருக்கும் இடம் டியோடினம்தான். கீழே போகப்போக கணைய நீர் அமிலத்தை முறித்துவிடும், கடத்திகளும் குறைந்துவிடும்.

உள்ளே போன இரும்பு உடனே ரத்தத்துக்குப் போய்விடாது. செல்லின் மறுபக்கம் இன்னொரு கதவு இருக்கிறது. அதன் சாவி கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோனிடம். உடம்பில் இரும்பு போதுமான அளவு இருந்தால் ஹெப்சிடின் அந்தக் கதவை அகற்றிவிடும். இரும்பு செல்லுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். சில நாட்களில் அந்தச் செல்லே உதிர்ந்து மலத்தோடு போய்விடும். நாம் ஒரு நாளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் இரும்பு சாப்பிட்டாலும் உள்ளே போவது 1 அல்லது 2 மில்லிகிராம்தான். உபரி இரும்பை வெளியேற்ற உடம்புக்குத் தனி வழி கிடையாது, அதனால் வாசலிலேயே காவல்.

இந்த வாசல் கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கு சீலியாக் நோய் நல்ல உதாரணம். கோதுமையின் குளூட்டனால் குடலின் விரல் போன்ற உறிஞ்சிகள் மழுங்கிப்போகும் நோய் இது. பாதிப்பு மேலிருந்துதான் தொடங்கும், டியோடினத்தில்தான் அதிகம். அதனால் பலருக்குப் பேதியே இருக்காது. சோர்வு, ரத்தசோகை மட்டும்தான் தெரியும். மாதக்கணக்கில் ஒழுங்காக இரும்பு மாத்திரை போட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை, ரத்தக் கசிவும் எங்கேயும் இல்லை என்றால் டாக்டர்கள் சீலியாக்கை சந்தேகிப்பது இதனால்தான். உடல் பருமனுக்குச் செய்யும் பைபாஸ் அறுவையிலும் உணவு டியோடினத்தைத் தொடாமல் நேராகக் கீழே போகிறது. அவர்களுக்கும் இதே குறை வரும். வாசல் இருக்கிறது, ஆனால் வண்டி அந்தப் பக்கம் வருவதில்லை.

கால்சியத்தின் கதை கொஞ்சம் வேறு. அதற்கு ரெண்டு வழி உண்டு. டியோடினத்தில், வைட்டமின் டி உத்தரவின் பேரில் செல்கள் கால்சியத்தைப் பிடித்து இழுப்பது ஒன்று. உணவில் கால்சியம் குறைவாக இருக்கும்போது காப்பாற்றுவது இந்த வழி. இரண்டாவது, செல்லுக்கும் செல்லுக்கும் நடுவிலுள்ள இடுக்கு வழியாகத் தானாகக் கசிந்து போவது. இது சிறுகுடல் முழுக்க நடக்கும். டியோடினத்தில் வேகம் அதிகம், ஆனால் உணவு அங்கே சில நிமிடங்கள்தான் நிற்கும். ஜெஜுனத்திலும் இலியத்திலும் வேகம் குறைவு, ஆனால் மணிக்கணக்கில் நிற்கும். அதனால் சாதாரணமாகச் சாப்பிடும் ஒருவருக்கு அளவில் அதிகமான கால்சியம் போவது கீழ்ப்பகுதிகளில்தான்.

ஆகவே டியோடினத்தை இழந்தவருக்கு இரும்பு அளவுக்குக் கால்சியம் சட்டென்று தீர்ந்துபோவதில்லை. மெதுவாகத்தான் தேயும். இன்னொரு சிக்கல், ரத்தப் பரிசோதனையில் கால்சியம் நார்மல் என்றே வரலாம். குறையும் கால்சியத்தை பாராதைராய்டு ஹார்மோன் எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டிவிடும். பாராதைராய்டு ஹார்மோனும் ஆல்கலைன் பாஸ்படேஸும் ஏறியிருக்கிறதா, வைட்டமின் டி எவ்வளவு என்று பார்த்தால்தான் எலும்பு கரைவது தெரியவரும்.

நடுப்பகுதி: கொழுப்பு

அடுத்தது ஜெஜுனம். கொழுப்பில் பெரும்பகுதி இதன் நடுப்பகுதியைத் தாண்டுவதற்குள் உறிஞ்சப்பட்டுவிடும். இங்கே பிரச்சினை என்னவென்றால் எண்ணெயும் நீரும் ஒட்டாது. கணையத்தின் லைப்பேஸ் நொதி கொழுப்பை உடைத்துக் கொடுத்தாலும், உடைந்த கொழுப்பு அமிலங்கள் செல்லின் சுவரை ஒட்டியுள்ள மெல்லிய நீர்ப்படலத்தைத் தாண்டணும். அதற்குத்தான் பித்த உப்பு. ஒருபக்கம் நீரோடு ஒட்டும், மறுபக்கம் எண்ணெயோடு ஒட்டும் மூலக்கூறு. போதிய செறிவில் இருந்தால் இவை கூடி நுண்ணிய உருண்டைகளாகி, நடுவில் கொழுப்பு அமிலத்தை வைத்துச் சுவர் வரைக்கும் கொண்டுபோய் இறக்கிவிடும்.

"போதிய செறிவில்" என்ற வார்த்தையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு அளவுக்குக் கீழே போனால் பித்த உப்பு இருந்தும் உருண்டை உருவாகாது. கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

இன்னொன்று: பாரத்தை இறக்கிய பித்த உப்பு ஜெஜுனத்தில் உள்ளே போவதில்லை. மின்னேற்றம் உள்ளதால் செல்லின் கொழுப்புச் சவ்வைத் தாண்ட முடியாது. அதனால் குழாய்க்குள்ளேயே இருந்து அடுத்த லோடை ஏற்றிக்கொண்டு கீழே போகும். இங்கேயே உறிஞ்சப்பட்டிருந்தால் வேலை முடிவதற்குள் ஆள் காணாமல் போயிருக்கும்.

கடைசி முனை: பித்த உப்பைத் திருப்பி அனுப்பும் இடம்

இலியத்தின் கடைசிப் பகுதியில் மட்டும், பித்த உப்பைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஒரு தனிக் கடத்தி இருக்கிறது. உள்ளே போன பித்த உப்பு ரத்தக்குழாய் வழியாகக் கல்லீரலுக்கு, அங்கிருந்து பித்தநீருக்கு, மறுபடி டியோடினத்துக்கு. ஒரே சரக்கைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடும் ஏற்பாடு.

உடம்பில் மொத்தமாக இருப்பது ஏறக்குறைய 3 கிராம் பித்த உப்பு. ஒரு நாளில் அது எட்டு முறை சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால் 24 கிராம் வேலை நடக்கிறது. இதில் மலத்தோடு போவது அரை கிராம் போல. அந்த அரை கிராமைக் கல்லீரல் கொலஸ்டிராலில் இருந்து புதிதாகச் செய்து ஈடுகட்டிவிடும். எவ்வளவு செய்யணும் என்ற தகவலும் இலியத்திலிருந்துதான் போகிறது. பித்த உப்பு உள்ளே வரும்போது இலியம் ஒரு ஹார்மோனை அனுப்பிக் கல்லீரலிடம் "போதும்" என்று சொல்லும். வரத்து குறைந்தால் அந்தச் செய்தி நின்றுவிடும், கல்லீரல் உற்பத்தியைக் கூட்டிவிடும்.

இந்த வேலையை வேறு யாரும் செய்ய முடியாது என்பதுதான் முக்கியம். ஜெஜுனத்தை வெட்டினால் இலியம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகி, கொழுப்பையும் சர்க்கரையையும் தானே உறிஞ்சக் கற்றுக்கொள்ளும். இலியத்தை வெட்டினால் ஜெஜுனம் பித்த உப்பைப் பிடிக்கக் கற்றுக்கொள்ளாது. வைட்டமின் பி12-க்கும் இதே நிலைதான். நீளத்தில் சமமான ரெண்டு துண்டுகள் மதிப்பில் சமமில்லாமல் போவது இதனால்.

இப்போது நம் இரண்டு பேருக்கு வருவோம்

முதலாமவருக்கு 50 சென்டிமீட்டர் போயிருக்கிறது. மிச்சமுள்ள இலியம் ஓரளவு பிடிக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் 12 சதவீதம் தப்பிவிடுகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 3 கிராமில் 12 சதவீதம், எட்டு சுற்று: ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 2.9 கிராம் இழப்பு. கல்லீரல் அதிகபட்சம் 4 கிராம் செய்யும் என்று எடுத்துக்கொண்டால், இந்த இழப்பைச் சமாளித்துவிடும். கையிருப்பு அதே 3 கிராமில் நிற்கும். ஜெஜுனத்தில் உருண்டைகள் ஒழுங்காக உருவாகும், கொழுப்பு நன்றாகவே உறிஞ்சப்படும்.

அப்போ பேதி எதனால்? தப்பிய அந்த 2.9 கிராம் பெருங்குடலுக்குப் போகிறது. வழக்கமாக அரை கிராம் வரும் இடத்தில் ஆறு மடங்கு. பித்த அமிலங்களில் சில வகை, பெருங்குடலின் சுவரைத் தூண்டி உப்பையும் நீரையும் உள்ளே சுரக்க வைக்கும். தண்ணீராகப் போகும், சாப்பிட்டதும் அவசரமாகப் போகும், எண்ணெய்ப் பசை இருக்காது. கொலெஸ்டிரமின் என்பது பித்த அமிலத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பிசின். பிடித்துவிட்டால் தூண்டல் இல்லை, பேதி நின்றுவிடும்.

ரெண்டாமவருக்கு 150 சென்டிமீட்டர் போயிருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் பாதி தப்புகிறது என்று வைப்போம். 3 கிராம் கையிருப்போடு ஆரம்பித்தால் ஒரு நாளில் 12 கிராம் இழப்பாகணும். கல்லீரலால் 4-க்கு மேல் முடியாது. ஆகவே கையிருப்பு சரிய ஆரம்பிக்கும். எங்கே நிற்கும்? இழப்பும் உற்பத்தியும் சமமாகும் இடத்தில்: கையிருப்பில் பாதி, எட்டு சுற்று, சமம் 4 கிராம். அப்படியென்றால் கையிருப்பு 1 கிராம்தான். மூன்றில் ஒரு பங்கு.

இந்த எண்களை அப்படியே ஒரு நோயாளிக்குப் பொருத்தக் கூடாது, ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் வடிவம் உண்மை: ஒரு எல்லைவரை கல்லீரல் ஈடுகட்டும், எல்லையைத் தாண்டினால் கையிருப்பே சரிந்துவிடும். சரிந்ததும் ஜெஜுனத்தில் செறிவு குறையும், உருண்டைகள் உருவாகாது, கொழுப்பு உறிஞ்சப்படாமல் கீழே இறங்கும். ஜெஜுனத்தை யாரும் தொடவில்லை. ஆனாலும் அதன் வேலை நின்றுவிட்டது. நோய் தெரியும் இடமும் காரணம் இருக்கும் இடமும் மீட்டர் கணக்கில் தள்ளி இருக்கின்றன.

இரவு முழுக்கப் பித்தப்பையில் சேர்ந்ததால் காலை உணவின்போது பித்த உப்பு கொஞ்சம் தாராளமாக இருக்கும். நாள் போகப்போகத் தீர்ந்துவிடும். அதனால் இப்படிப்பட்டவர்களுக்கு மதியமும் இரவும் சாப்பிடும் கொழுப்புதான் அதிகம் வீணாகும்.

பெருங்குடலுக்கு வந்த கொழுப்பு அமிலங்களும் சும்மா இருப்பதில்லை. அங்குள்ள பாக்டீரியாக்கள் அவற்றில் சிலவற்றில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியைச் சேர்த்துவிடும். அப்படி உருவாகும் பொருள், விளக்கெண்ணெயில் பேதியை உண்டாக்கும் ரிசினோலியிக் அமிலத்துக்கு நெருங்கிய உறவு. அதாவது இவருக்குத் தன் குடலிலேயே விளக்கெண்ணெய் மாதிரி ஒன்று தயாராகிறது. மலம் வெளிறி, கனத்த நாற்றத்தோடு, தண்ணீர் ஊற்றினாலும் பீங்கானில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

இவருக்குப் பித்த உப்பைப் பிடிக்கும் பிசினைக் கொடுத்தால்? இருக்கும் அந்த 1 கிராமும் பிசினில் மாட்டிக்கொள்ளும். கொழுப்பு இன்னும் அதிகமாகக் கசியும். அதான் மருந்து எதிராகத் திரும்பியது.

இந்த வித்தியாசத்தை 1972-இல் மயோ கிளினிக்கைச் சேர்ந்த ஆலன் ஹாஃப்மன், ரெய்னர் போலி இருவரும் இலியம் வெட்டப்பட்ட நோயாளிகளிடம் தெளிவாகக் காட்டினார்கள். வெட்டியது 100 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தவர்களுக்கு கொலெஸ்டிரமின் பலித்தது. அதற்கு மேல் வெட்டப்பட்டு, தினமும் 20 கிராமுக்கு மேல் கொழுப்பை மலத்தில் இழந்துகொண்டிருந்தவர்களுக்கு அது பலிக்கவில்லை. அவர்களுக்குப் பலித்தது உணவிலுள்ள வழக்கமான கொழுப்பை நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பாக மாற்றியது. 8 அல்லது 10 கார்பன் நீளமுள்ள கொழுப்பு அமிலங்களுக்கு உருண்டை அவ்வளவாகத் தேவைப்படாது, நேராக ரத்தத்துக்குப் போய்விடும். தேங்காய் எண்ணெய் இதேதானே என்று கேட்கத் தோன்றும். அதில் இந்த ரகம் கொஞ்சம் உண்டு, ஆனால் பெரும்பங்கு 12 கார்பன் கொண்ட லாரிக் அமிலம். மருத்துவத்தில் கொடுப்பது தனியாகப் பிரித்தெடுத்த எண்ணெய்.

கால்சியம் மறுபடி வருகிறது

ரெண்டாமவரின் கதை பேதியோடு முடியவில்லை. உறிஞ்சப்படாத கொழுப்பு அமிலம் உணவிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து சோப்பாகிவிடும். கொழுப்போடு சேர்ந்து வைட்டமின் டி-யும் வெளியே போகும். கால்சியத்துக்கு ரெண்டு பக்கமும் அடி. டியோடினம் பத்திரமாக இருந்தும் எலும்பு தேயும்.

இன்னொரு விசித்திரம் சிறுநீரகத்தில். கீரை, கொட்டைகளில் ஆக்சலேட் என்ற பொருள் உண்டு. வழக்கமாக அது குடலிலேயே கால்சியத்தோடு சேர்ந்து கரையாத உப்பாகி வெளியேறிவிடும். இவருக்குக் கால்சியத்தைக் கொழுப்பு பிடித்துவைத்திருப்பதால் ஆக்சலேட் தனியாக நிற்கும். பெருங்குடல் அதை உறிஞ்சும், சிறுநீரில் சேரும், கால்சியம் ஆக்சலேட் கல்லாகும். உடம்பில் கால்சியம் குறைவு, ஆனாலும் கால்சியக் கல்! இவருக்குப் பெரும்பாலும் சாப்பாட்டோடு சேர்த்துக் கால்சியம் மாத்திரை கொடுப்பார்கள். குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடிப்பதற்காக. வெறும் வயிற்றில் போட்டால் அந்த வேலை நடக்காது. பெருங்குடலும் எடுக்கப்பட்டவருக்கு இந்த வகைக் கல் வருவதில்லை, ஏனென்றால் ஆக்சலேட் நுழையும் இடமே இல்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது

தினமும் 100 கிராம் கொழுப்பு சாப்பிட வைத்து மூன்று நாள் மலத்தைச் சேகரித்து அளப்பது பழைய முறை. ஆரோக்கியமானவருக்கு நாளைக்கு 7 கிராமுக்குள் வரும். யாருக்கும் பிடிக்காத பரிசோதனை, ஆனால் நம் இரண்டு பேரையும் பிரித்துக் காட்டிவிடும். பித்த உப்பு இழப்பை நேரடியாக அளக்க ஐரோப்பாவில் சில நாடுகளில் கதிரியக்க செலினியம் சேர்த்த செயற்கைப் பித்த அமிலத்தை விழுங்கவைத்து, ஏழு நாள் கழித்து எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பார்கள். 15 சதவீதத்துக்குக் குறைந்தால் இழப்பு உண்டு என்று பொருள்.

100 சென்டிமீட்டர் என்பது ஒரு வழிகாட்டிதான், சுவர் கிடையாது. மிச்சமுள்ள இலியத்திலும் நோய் இருந்தால் 60 சென்டிமீட்டர் வெட்டியவரும் ரெண்டாமவர் மாதிரி நடந்துகொள்ளலாம். பல இடங்களில் முதலில் பிசினைக் கொஞ்ச நாள் கொடுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதும் உண்டு. கொடுக்கும்போது மற்ற மாத்திரைகளை ஒரு மணி நேரம் முன்னாடியோ நாலு மணி நேரம் கழித்தோ போடச் சொல்வார்கள். பிசின் தைராய்டு மாத்திரை போன்றவற்றையும் பிடித்துக்கொள்ளும்.

குடல் அறுவை செய்துகொண்டவர் வீட்டில் யாராவது இருந்தால், டிஸ்சார்ஜ் சம்மரியில் நாலு விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள்: எந்தப் பகுதி வெட்டப்பட்டது, எத்தனை சென்டிமீட்டர், மிச்சம் எவ்வளவு, பெருங்குடல் இருக்கிறதா. இல்லையென்றால் அறுவை செய்த டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷம் கழித்து ரத்தசோகையோ, பேதியோ, சிறுநீரகக் கல்லோ வரும்போது, புதிதாகப் பார்க்கும் டாக்டருக்கு முதலில் தேவைப்படப்போவது அந்த நாலு வரிதான்.